நிஃப்டி நகர்ந்தால் ஐவி எங்கே போகும்? கேள்வி பதில்

"ஸ்டிக்கி ஸ்ட்ரைக், ஸ்டிக்கி டெல்டா: ஒரே உதாரணத்தில் புரிய வையுங்கள் அண்ணா."

நிஃப்டி ஃப்யூச்சர் 25,000, எக்ஸ்பைரிக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆப்ஷன் விலையில் அடங்கியிருக்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பான ஐவி, 24,500 ஸ்ட்ரைக்குக்கு 15%, 25,000-க்கு 14%, 25,500-க்கு 13%. இப்போது ஃப்யூச்சர் 24,500-க்கு இறங்குகிறது.

ஸ்டிக்கி ஸ்ட்ரைக் என்றால் எந்த ஸ்ட்ரைக்கின் ஐவியும் மாறாது. 25,000-க்கு அதே 14, 24,500-க்கு அதே 15. ஆனால் ஃப்யூச்சர் விலையிலேயே இருக்கும் ஸ்ட்ரைக், அதாவது ஏடிஎம், இப்போது 24,500 என்பதால் ஏடிஎம் ஐவி 14-லிருந்து 15 ஆகிவிட்டது.

ஸ்டிக்கி டெல்டாவில் மொத்த வளைவும் விலையோடு சேர்ந்து இறங்கும். ஏடிஎம் ஐவி 14-லேயே இருக்கும். அதனால் 24,500-க்கு 14, 25,000-க்கு 13.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. விலையும் நேரமும் மாற மாற வாலட்டிலிட்டியும் மாறும் என்று கொள்ளும் லோக்கல் வால் மாடல் சொல்வது அதுதான்: ஏடிஎம் ஐவி, ஸ்டிக்கி ஸ்ட்ரைக்கில் ஏறியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறி 16-க்குப் போகும், 25,000 ஸ்ட்ரைக்கும் 15 ஆகும்.

"மார்க்கெட் ஏறினால் இந்தியா விக்ஸ் இறங்குகிறது. அப்படியென்றால் பயம் குறைந்து ஆப்ஷன்களின் ஐவி இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்?"

பாதி சரி. மேலே ஸ்டிக்கி ஸ்ட்ரைக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 25,000-லிருந்து 25,500-க்கு ஏறினால் ஏடிஎம் ஐவி 14-லிருந்து 13 ஆகும். ஆனால் எந்த ஒரு ஆப்ஷனின் ஐவியும் நகரவே இல்லை. நாம் பார்க்கும் ஸ்ட்ரைக்தான் மாறியது. விக்ஸில் இந்தச் சறுக்கலும் கலந்திருக்கிறது. பயம் குறைந்ததா என்று அறிய, கையில் இருக்கும் அதே ஸ்ட்ரைக்கின் ஐவியைப் பார்க்க வேண்டும்.

"சார், 25,500 கால் வாங்கியிருந்தேன். நிஃப்டி 300 புள்ளி ஏறியது, பிரீமியம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. ஏமாற்று வேலையா?"

இல்லை, டெல்டா கணக்கில் விடுபட்டது இது. அந்தக் காலின் டெல்டா 0.30 அளவில் தொடங்கி, 25,300 வரும்போது 0.42 ஆகும். ஐவி 13-லேயே இருந்தால் ஏறக்குறைய 109 புள்ளி கிடைக்க வேண்டும். மூன்றாவது வகையில் போனால் அந்த ஸ்ட்ரைக்கின் ஐவி 0.6 இறங்கும். ஐவி ஒரு புள்ளி மாறினால் பிரீமியம் எவ்வளவு மாறும் என்று சொல்லும் வேகா 26, 27 என்றால் 16 புள்ளி காணாமல் போகும். ஓரிரு நாள் கடந்திருந்தால் தீட்டா தனி. வாங்கிய அன்றும் விற்ற அன்றும் அந்த ஸ்ட்ரைக்குக்கு என்ன ஐவி இருந்தது என்று பாருங்கள்.

"டெஸ்க்கில் ஹெட்ஜ் செய்கிறேன். இதில் டெல்டா எவ்வளவு மாறும்?"

```
delta = BS_delta + vega * dIV/dS
```

25,000 காலின் வேகா, ஐவி ஒரு புள்ளிக்கு 28.6. ஸ்ட்ரைக் ஏற ஏற ஐவி இறங்கும் சரிவான ஸ்க்யூ 100 புள்ளிக்கு 0.2, அதாவது புள்ளிக்கு 0.002. பெருக்கினால் 0.057. ஸ்டிக்கி ஸ்ட்ரைக்கில் ஐவி மாறாததால் டெல்டா 0.51 என்றால், ஸ்டிக்கி டெல்டாவில் இதைக் கூட்டி 0.57, லோக்கல் வாலில் கழித்து 0.45. ஸ்ட்ராடில் வைத்திருப்பவருக்கு இது இரட்டிப்பாகும்: நியூட்ரல் என்று நினைப்பது, எந்த வகை என்பதைப் பொறுத்து +0.13-ஆகவோ -0.10-ஆகவோ இருக்கும். தினசரி லாப நஷ்டத்தில் விலை ஏறும் நாள்களிலெல்லாம் ஒரே பக்கம் மிச்சம் விழுந்தால், வகையைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள்.

"நிஃப்டி எந்த வகை என்று ஒரே வரியில் சொல்லுங்களேன்."

ஒரே வரியில் அடங்காது. கோல்ட்மேன் சாக்ஸில் குவாண்ட் ஆய்வாளராக இருந்த இமானுவேல் டெர்மன் 1999-ல் எஸ்&பி 500-ஐப் பார்த்து, வகை மாறிக்கொண்டே இருக்கிறது என்றார்: குறுகிய எல்லைக்குள் ஆடும்போது ஸ்டிக்கி ஸ்ட்ரைக், நிதானமாக ஒரே திசையில் போகும்போது ஸ்டிக்கி டெல்டா, பதற்றத்தில் மூன்றாவது.

நீங்களே அளக்கலாம். ஏடிஎம் ஐவியின் அன்றைய மாற்றத்தை, ஸ்க்யூ மட்டும் தந்திருக்கக்கூடிய மாற்றத்தால் வகுங்கள். 0 என்றால் ஸ்டிக்கி டெல்டா, 1 என்றால் ஸ்டிக்கி ஸ்ட்ரைக், 2 என்றால் லோக்கல் வால். ஐவி எடுக்கும்போது ஸ்பாட்டை வைக்காமல், கால் புட் விலைகளிலிருந்து வரும் ஃபார்வேர்டை வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஸ்ட்ரைக்கின் காலுக்கும் புட்டுக்கும் வேறுவேறு ஐவி வந்து கணக்கு கெடும்.

"அந்த விகிதத்தில் நிகழ்வு நாள்களைச் சேர்க்கலாமா? எனக்கு அவைதான் முடிவை இழுக்கின்றன."

நான் சேர்ப்பதில்லை. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு அன்று நிஃப்டி ஏறக்குறைய 6% விழுந்தது. மறுநாள் 3%-க்கு மேல் மீண்டபோது விக்ஸ் சரிந்தது. அந்தச் சரிவில் விலை ஏறியதால் வந்தது எவ்வளவு, முடிவு தெரிந்துவிட்டதால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் உங்கள் ஆட்சேபத்திலும் நியாயம் உண்டு: பெரிய நகர்வுகளை நீக்கினால், ஹெட்ஜ் அதிகம் தேவைப்படும் நாள்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. அதனால் அப்படிப்பட்ட நாள்களில் 1, 2 இரண்டுக்கும் டெல்டா போட்டு, இடைவெளி தாங்க முடியாத அளவு என்றால் பொசிஷனைக் குறைத்துவிடுகிறேன்.