பிரதம விருந்தினர் அறிமுகவுரை: கேள்வி பதில்

பரிசளிப்பு விழாக் காலம் வந்தால் பலர் அறிமுகவுரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் 26 வருடம் தமிழ் படிப்பித்தேன். அந்த உரைகளைப் பெரும்பாலும் என்னிடம்தான் எழுதத் தருவார்கள். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு ஆசிரியை: எங்கள் பழைய மாணவர், வைத்தியர், பிரதம விருந்தினராக வருகிறார். போன வருடத்து உரையைப் பார்த்து இப்படி எழுதியிருக்கிறேன்: "கல்விக் கடலில் மூழ்கி முத்தெடுத்த மாமணி, மருத்துவ வானின் துருவ நட்சத்திரம், ஏழைகளின் இதயக் கோவிலில் குடிகொண்ட கருணைக் கடல், தென்மராட்சி மண் பெற்றெடுத்த தவப்புதல்வன், வைத்திய நிபுணர்..." இதைச் சுருக்கித் தர முடியுமா சேர்?

சுருக்கினால் சரிவராது ரீச்சர். இதில் சுருக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு அடியையும் எடுத்து, இதை அடுத்த வருடம் வரப்போகிற பொறியியலாளருக்கோ வங்கி முகாமையாளருக்கோ சொல்லலாமா என்று பாருங்கள். முத்தெடுத்த மாமணி எல்லாருக்கும் பொருந்தும். கருணைக் கடலும் பொருந்தும். துருவ நட்சத்திரத்துக்கு முன்னால் இருக்கிற "மருத்துவ" என்ற ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டிவரும். பொருந்துகிற எல்லாவற்றையும் வெட்டினால் மிச்சம் இரண்டு: தென்மராட்சி, வைத்திய நிபுணர். அந்த இரண்டாவதும் சரியா என்று கேட்டீர்களா? பட்டமேற்படிப்பு முடித்து ஒரு துறையில் நிபுணராக நியமனம் பெற்றவரைத்தான் அப்படிச் சொல்லலாம். எம்.பி.பி.எஸ். முடித்து வேலை பார்ப்பவர் வைத்தியர். மேடையில் நிபுணர் என்று கூட்டிச் சொன்னால், முன்வரிசையில் இருக்கிற மற்ற வைத்தியர்களுக்கு முன்னால் கூச்சப்படுவது அவர்தான்.

ஆகவே முதலில் அவரோடு பத்து நிமிடம் கதையுங்கள். சுயவிபரக் கோவை கேட்க வேண்டாம். அதில் பதவியும் திகதியும்தான் இருக்கும். எந்தத் தரம் முதல் எந்தத் தரம் வரை இங்கே படித்தார், ஏன் போனார், இப்போது ஒரு சாதாரண நாளில் என்ன வேலை செய்கிறார், எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த எது அந்த வேலையோடு தொடர்புபடுகிறது என்று கேளுங்கள். கடைசியாக, மேடையில் சொல்ல வேண்டாம் என்று ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அதே ஆசிரியை, இரண்டு நாள் கழித்து: கதைத்தேன் சேர். 2000ஆம் ஆண்டு தென்மராட்சி இடம்பெயர்ந்தபோது தரம் 9. வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பு. 2002இல் திரும்பி வந்து இங்கேயே ஓ.எல். எழுதினாராம். ஏ.எல். வேறு பள்ளிக்கூடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். இப்போது பிரதேச வைத்தியசாலையில் நீரிழிவு கிளினிக் பார்க்கிறார். நிபுணர் இல்லை, நீங்கள் சொன்னதுதான் சரி.

இனி உரை தானாக வரும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இன்றைய பிரதம விருந்தினர் எங்கள் பழைய மாணவர். 2000ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது தரம் 9இல் இருந்தார். வடமராட்சியில் பிற்பகல் வகுப்பில் படிப்பைத் தொடர்ந்தார். 2002இல் திரும்பி வந்து, சாதாரண தரப் பரீட்சையை இந்தப் பாடசாலையிலேயே எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பட்டம் பெற்றார். இப்போது பிரதேச வைத்தியசாலையில் நீரிழிவு கிளினிக்கைப் பார்க்கிறார். இங்கே இருக்கிற பிள்ளைகள் சிலருடைய அம்மம்மாமார் அவரிடம்தான் மருந்து எடுக்கிறார்கள். வைத்தியர் அவர்களை உரையாற்ற அன்போடு அழைக்கிறேன்."

கடைசி வரியில் "வைத்தியர்" என்பதற்குப் பிறகு பெயரைச் சேருங்கள். பெயர் கடைசியில் வந்தால் கைதட்டலும் சரியான இடத்தில் வரும். அம்மம்மாமார் பற்றிய வசனத்தை வைப்பதற்கு முன் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அது உண்மையில்லையென்றால் எடுத்துவிடுங்கள். நோயாளியின் பெயர் மட்டும் வரவே கூடாது. ஏ.எல். படித்த பள்ளிக்கூடத்தை நான் விட்டுவிட்டேன். ஒளிப்பதற்காக அல்ல, கேட்கிற பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அவருக்கு அது முக்கியம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரம் 12 மாணவி, மானிப்பாய்: நான்தான் வாசிக்கப்போகிறேன். எத்தனை நிமிடம் இருக்கலாம்?

ஒரு நிமிடம் தங்கச்சி, கூடினால் ஒன்றரை. மேடையில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொல் போகும். மேலே உள்ள உரை ஒரு நிமிடத்துக்குள் முடியும். முதல்நாள் அதை விருந்தினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, பிழை இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்காமல் விட்ட வருடம் ஒன்று இருக்கிறது. "எங்கள் பாடசாலையில் உயர்தரம் வரை பயின்றவர்" என்று எழுதிக் கொடுத்தேன். அவரோ 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு தரம் 8இல் போனவர், திரும்பி வரவேயில்லை. மேடையில் அவரே மெல்லத் திருத்திவிட்டுத்தான் தன் பேச்சைத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையில் வலித்த இடத்தையே நான் பிழையாக எழுதிக் கொடுத்திருந்தேன். அன்று முதல் எழுதியதைக் காட்டாமல் மேடைக்கு அனுப்புவதில்லை.

ஓய்வுபெற்ற அதிபர், பருத்தித்துறை: பட்டம் பதவி எல்லாவற்றையும் விட்டு, பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவதுதான் எளிமை. உண்மையும் அதுதான்.

பாதி சரி ஐயா. அடுக்குப் பட்டங்களை விடலாம். உழைத்துப் பெற்ற ஒன்றை விட்டால் அது அவமதிப்பு. ஆனால் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற எல்லாரும் பேராசிரியர் அல்ல. சிரேஷ்ட விரிவுரையாளரைப் பேராசிரியர் என்று கூப்பிட்டு, அவர் தலையைக் குனிந்ததைப் பார்த்திருக்கிறேன். முனைவர் பட்டம் இருந்தால் கலாநிதி என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

பெற்றோர் ஒருவர், கோப்பாய்: என் மகன் நன்றியுரை சொல்கிறான். பிரதம விருந்தினருக்கு ஒரு கவிதையும் எழுதியிருக்கிறான். அதைச் சுருக்க வேண்டுமா?

அது வேறு விடயம் ஐயா. கவிதை புகழலாம், அதற்கு உரிமை இருக்கிறது. அறிமுகவுரையில் ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. நன்றியுரையில் விருந்தினர் அன்று பேசிய ஒரு விடயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்காகத் தம்பி ஒரு பேனையோடு இருக்க வேண்டும்.

விழாக் குழுச் செயலாளர், காரைநகர்: விருந்தினர் வெளிநாட்டில் இருப்பவர். எங்கள் கட்டடத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர். தொகையைச் சொல்லாவிட்டால் குழுவுக்குக் கோபம், "கொடைவள்ளல்" என்றாவது போடச் சொல்கிறார்கள்.

"இந்த மண்டபத்தின் கூரை இவர் தந்த பணத்தில் போட்டது" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள், கொடைவள்ளலுக்கு யாரும் நிமிர மாட்டார்கள். குழு விடாவிட்டால் பட்டங்களை வாழ்த்து மடலில் அச்சிடுங்கள், பொன்னாடை போர்த்தும்போது கையில் கொடுக்கலாம். தொகை பற்றி எனக்கு ஒரு முடிவு இல்லை. சொல்லச் சொன்ன கொடையாளரும் உண்டு, ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கச் சொன்னவரும் உண்டு. என் பழைய சக ஆசிரியர் ஒருவர், கணக்கு வெளியே தெரிவதுதான் நல்லது என்று இன்றும் என்னோடு வாதிடுவார். அந்தக் கணக்கு அதிபர் அறிக்கையில் வரட்டும் என்பது என் எண்ணம். நீங்கள் அவரிடமே கேளுங்கள்.