மூன்று லாட் பழையது, ஒரு லாட் புதியது

கேள்வி: நிஃப்டி ஃபியூச்சர்ஸில் நாளுக்கு ஒரு வர்த்தகம், நான்கு லாட் செய்கிறேன். ஸ்டாப்லாஸை 30 புள்ளியிலிருந்து 45 ஆக்கினால் பேக்டெஸ்டில் லாபம் கூடுகிறது. ஒரு லாட்டில் பார்த்துவிட்டு மாறலாமா? எத்தனை நாள் பார்க்க வேண்டும்?

பதில்: பார்க்கலாம், ஆனால் பழையதை நிறுத்திவிட்டுப் பார்க்காதீர்கள். மூன்று லாட்டைப் பழைய விதியிலும் ஒரு லாட்டைப் புதிய விதியிலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். போன மாதப் பழையதோடு இந்த மாதப் புதியதை ஒப்பிட்டால், சந்தையின் மாற்றத்தை விதியின் மாற்றம் என்று எண்ணிவிடுவீர்கள்.

நாள்கணக்கை விட, இரண்டும் வேறுபட்ட வர்த்தகங்கள் எத்தனை என்பதே முக்கியம். உதாரணமாக, 40 வர்த்தகங்களில் 31இல் இரண்டும் ஒரே விலையில் வெளியேறியிருந்தால், அந்த 31 உங்களுக்கு எதையும் சொல்வதில்லை. மீதி ஒன்பதில், ஆறு முறை பழையது அடிபட்ட பின் புதியது தப்பி, மொத்தம் 240 புள்ளி கூடுதலாக ஈட்டியது. மூன்று முறை 15 புள்ளி அதிகமாக இழந்தது. நிகரம் 195. ஆனால் அதில் 120 ஒரே நாளில் வந்தது என்றால், மற்ற எட்டில் கிடைத்தது 75 மட்டுமே. ஒன்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அத்தகைய வேறுபாடுகள் குறைந்தது முப்பது சேரட்டும்.

ஒப்பீட்டை ரூபாயில் செய்யாமல், தரகுக்கு முந்தைய புள்ளியில் செய்யுங்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் என்ற நிலையான தரகில், மூன்று லாட்டுக்கும் வாங்க, விற்க 40 ரூபாய்தான். ஒரு லாட்டுக்கும் அதே 40. நாற்பது வர்த்தகத்தில் புதியதன் லாட் 1,600 ரூபாய் சுமக்க, பழையதன் ஒவ்வொரு லாட்டும் சுமார் 533 ரூபாயே சுமக்கிறது. இது விதியின் குறையன்று, சோதனை அளவின் குறை. எஸ்டிடி வரி விற்பனை மதிப்பின் விகிதத்தில் பிடிக்கப்படுவதால் இந்தச் சிக்கலைத் தராது. மேலும், இரண்டையும் ஒரே கணக்கில் ஓட்டினால் தரகரின் திரை நான்கு லாட்டையும் ஒரே சராசரி விலையில் காட்டும். நுழைந்த விலையையும் வெளியேறிய விலையையும் விதிவாரியாக நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு லாட்டுக்குக் கீழே போக வழியில்லை. 2024 நவம்பரிலிருந்து புதிய குறியீட்டு ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்ச ரூபாயாக இருக்க வேண்டும் என்று செபி விதித்துவிட்டது. சிறு முதலீட்டாளரைக் காக்க வந்த விதி, அவர் சிறிதாகச் சோதிப்பதையும் தடுக்கிறது.

இந்த இடத்தில்தான் டெலிகிராம் ஆசாமிகள் நுழைகிறார்கள். “நாங்களே சோதித்துவிட்டோம்” என்று லாபம் ஏறும் வளைவுக்கோட்டைக் காட்டி அல்கோ விற்பவரிடம், வேறுபட்ட வர்த்தகங்களின் பட்டியலை மட்டும் கேளுங்கள். எனக்கு இதுவரை ஒருவரும் தந்ததில்லை. கடந்த கால லாபத்தைக் காட்டி அல்கோ விற்கும் தளங்களோடு தரகர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி சொன்னது; கடை மட்டும் மூடவில்லை.

முப்பது சேர்ந்த பிறகு, மிகப் பெரிய ஒரு நாளை நீக்கியும் புதியது முன்னிலையில் நின்றால் இரண்டு லாட்டுக்கு ஏற்றுங்கள். நடுவில் 45ஐ 50 ஆக்கினால், எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.