1:10 மணி அல்ல, 22 மாதம்

“கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகளின் ஆரோக்கியப் புத்தகத்தில் உள்ள எடைப் பெர்சென்டைல் அட்டவணையை போனில் படம் எடுத்து எக்செல்லில் ஏற்றினேன். வயதுப் பத்தியில் 1:10 எல்லாம் மணியாக மாறிவிட்டது. மற்ற எண்களையாவது நம்பலாமா?”

முதலில் வயதைச் சரிசெய்துவிடுவோம். 1:10 என்றால் 1 வருடம் 10 மாதம். எக்செல் அதை அதிகாலை 1.10 என்று எடுத்துக்கொண்டது. நல்லவேளை, வருடம் மணியாகவும் மாதம் நிமிடமாகவும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. வயது A பத்தியில் இருந்தால், பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள், 1:10க்கு நேராக 22 வரும். மறுபடி மணியே தெரிந்தால் செல்லின் ஃபார்மட்டை Number ஆக்குங்கள்.

```
=HOUR(A2)*12+MINUTE(A2)
```

இதற்குப் பதில் 0, 1 என்று எழுதிக் கீழே இழுத்து நிரப்பிவிடலாமே என்று கை பரபரக்கும். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். புத்தக மடிப்பின் நிழலில் 7ஆம் மாத வரி படத்தில் விழவே இல்லை. அது தெரியாமல் வயதை இழுத்து நிரப்பியதில் 8ஆம் மாத எடைகள் 7க்கு நேராக ஏறி உட்கார்ந்துவிட்டன, அதற்குக் கீழே எல்லாமே ஒரு வரி பிசகு. ஆனாலும் எண்கள் இடமிருந்து வலமும், மேலிருந்து கீழும் ஒழுங்காக ஏறிக்கொண்டே போயின. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இதைக் காட்டிக்கொடுப்பது அடுத்தடுத்த வரிகளின் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அட்டவணையில் பெண் குழந்தைகளுக்கான 50ஆவது பெர்சென்டைல் 6 முதல் 10 மாதம் வரை 7.3, 7.6, 7.9, 8.2, 8.5 கிலோ. மாதத்துக்கு 0.3 ஏற்றம். 7.6 காணாமல் போனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் 0.6 வரும். 50ஆவது பெர்சென்டைல் D பத்தியில் இருந்தால்:

```
=ROUND(D3-D2,1)
```

பிறந்த புதிதில் ஏற்றம் இயல்பாகவே அதிகம், முதல் மாதத்தில் 3.2இலிருந்து 4.2. அதனால் அளவைப் பார்க்காதீர்கள், அக்கம்பக்கத்தோடு ஒட்டாத துள்ளலைத் தேடுங்கள். துள்ளல் ஒன்றே ஒன்று என்றால் வரி விட்டுப்போயிருக்கிறது. ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று ஜோடியாக வந்தால் 8ஐ 3 என்று படித்தது போல ஏதோ ஒரு எண் தப்பு.

அப்புறம் 12 மாத வரியைப் பாருங்கள். 3, 15, 50, 85, 97 என்ற தலைப்புகளின் கீழ் 7.1, 7.9, 8.9, 10.2, 11.3 இருக்க வேண்டும். நடுவில் 9.2 இருந்தால் அது 13ஆம் மாதத்தின் எடை. 9.6 இருந்தால் ஆண் குழந்தைகளின் பக்கத்தைப் படம் எடுத்திருக்கிறீர்கள். (மலையாளப் புத்தகமென்றால் ‘ஆண்குட்டிகள்’, ‘பெண்குட்டிகள்’ என்ற தலைப்பைப் பாருங்கள். நம்மூரில் குட்டி என்றால் ஆடுதான் நினைவுக்கு வரும்!)

முதல் பத்தியில் 7.1க்குப் பதில் 7.0 வந்தால் உடனே திருத்திவிடாதீர்கள். அது −2 எஸ்.டி. பத்தியாக இருக்கலாம். 3ஆவது பெர்சென்டைலுக்குக் கொஞ்சம் கீழே ஓடும் வேறு கோடு அது. புத்தகத்தில் தலைப்பு என்ன என்று பார்த்து, பத்தியின் பெயரை மட்டும் மாற்றுங்கள்.