இரவு 2 மணிக்கு எழுப்பும் ஒற்றைக்கண் வலி

"கணவருக்கு 38 வயது. மூன்று வாரமாக இரவு 2 மணிக்கு வலது கண்ணுக்குப் பின்னால் கடுமையான வலி, ஒரு மணி நேரம் இருக்கிறது. பெனடோல் கேட்கவில்லை. மைக்ரேனா?"

சகோதரி, வலி வந்தால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மைக்ரேன்காரர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுப்பார். வலி 4 மணி நேரமாவது நீடிக்கும், குமட்டும். டென்ஷன் தலைவலி இருபுறமும் இறுக்கும், ஆனால் வேலை பார்க்கலாம். உட்கார முடியாமல் ஹாலில் நடக்கிறார், அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வடிகிறது, மூக்கடைக்கிறது என்றால் கிளஸ்டர் தலைவலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரைதான்; அதனால்தான் மாத்திரை வேலை செய்யுமுன் வலியே போய்விடுகிறது.

வலி நேரத்துக்கு முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர் ஆக்சிஜன், 15 நிமிடம்; அல்லது சுமட்ரிப்டான் ஊசி. இதய நோய் இருந்தால் அந்த ஊசி கூடாது. வராமல் தடுக்க தினமும் வெராபமில் மாத்திரை. அதற்கு ஈசிஜி பார்த்தே அளவைக் கூட்டுவார்கள். வலி வந்துகொண்டிருக்கும் இந்த நாட்களில் பீர்கூட வேண்டாம்.

பாலிகிளினிக்கில் நேரத்தையும் கண்ணையும் சொல்லி நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். முதல் முறை என்பதால் ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம். பார்வை மங்கினாலோ விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ அது கண் அழுத்தமாக இருக்கலாம், அன்றே அவசரப் பிரிவு. நொடியில் உச்சமடையும் வலி, கைகால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.