உருது அதபும் ஒரு ‘பைட்டோ’வும் – கடிதம்

வணக்கம்.

ஆறு மாதமாக லக்னோவில் வேலை பார்க்கிறேன். சௌக் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் மாடி அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அவரிடம் மறந்தும் ‘தும்’ என்றதில்லை, எப்போதும் ‘ஆப்’தான். போன வாரம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். பதறிப்போய் “ஆப் பைட்டோ, மை அபி ஃபர்மாதா ஹூம்” என்றேன். நீங்கள் உட்காருங்கள், நான் இப்போது சொல்கிறேன் என்ற அர்த்தத்தில். பெரியவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கூட வந்த பத்து வயதுப் பேரன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். எங்கே தப்பு செய்தேன்? தமிழில் ‘நீங்கள்’ என்றால் மரியாதை முடிந்தது. இவர்களுக்கு ஏன் இத்தனை ஜோடனை? நவாப் காலத்து மிச்சம்தானே?

– கே., லக்னோ

அன்புள்ள கே.,

ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. முதலாவது சின்னது, இலக்கணத்தோடு போய்விடும். இரண்டாவதைப் பார்த்துத்தான் அந்தப் பையன் ஓடியிருப்பான்.

உருதுவில் எதிரில் இருப்பவரைக் குறிக்க மரியாதையில் மூன்று படிகள் உண்டு. ‘தூ’ என்றால் ‘பைட்’, ‘தும்’ என்றால் ‘பைட்டோ’, ‘ஆப்’ என்றால் ‘பைட்டியே’. ஆளைக் குறிக்கும் சொல்லும் வினையும் சேர்ந்தே மேலே ஏற வேண்டும். ‘ஆப் பைட்டோ’ என்பது தமிழில் ‘நீங்கள் உட்காரு’ என்பதுபோல. டெல்லியில் இதைத் தினமும் கேட்கலாம். பஞ்சாபியில் மரியாதைக்கும் இந்த ஓகார வினைதான். பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபிக் குடும்பங்கள் பெருவாரியாக டெல்லியில் குடியேறியபோது அந்தப் பழக்கம் இந்துஸ்தானிப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழைய லக்னோவில் காதில் முள்ளாகக் குத்தும்.

அடுத்தது ‘ஃபர்மானா’. யாரோ ஒரு பெரியவரிடம் “ஃபர்மாயியே” என்று சொன்னதைக் கேட்டு, ‘சொல்’ என்பதற்கு மரியாதையான சொல் இது என்று பிடித்துக்கொண்டிருப்பீர்கள். அது சரிதான். ஆனால் அந்த மரியாதைக்குத் திசை உண்டு. ஃபர்மான் என்றால் அரச கட்டளை என்று சரித்திரப் பாடத்தில் படித்திருக்கிறோம். ‘ஃபர்மானா’ அதோடு பிறந்த சொல். பெரியவர் வாய் திறந்தாலே அது கட்டளைக்குச் சமம் என்பது அதன் உள்ளர்த்தம். அதைத் தனக்கே ஒருவர் சொல்லிக்கொண்டால், ‘நான் இப்போது திருவாய் மலர்ந்தருளுகிறேன்’ என்ற மாதிரி ஆகிவிடும். நீங்கள் சொன்னது அதுதான்.

தனக்கு உரிய சொல் ‘அர்ஸ் கர்னா’. நம்முடைய ‘அர்ஜி’ அங்கிருந்து வந்தது. அவர் ஃபர்மாயிப்பார், நீங்கள் அர்ஸ் செய்வீர்கள். வருவதிலும் இப்படித்தான். பெரியவர் வந்தால் ‘தஷ்ரீஃப் லாயே’, அதாவது பெருமையைக் கொண்டுவந்து சேர்த்தார். நீங்கள் போனால் ‘ஹாஸிர் ஹுவா’. நம் ஊர் கோர்ட்டில் ‘ஆஜரானார்’ என்கிறோமே, அதே சொல். அவருடைய வீடு ‘தௌலத்கானா’, செல்வ மாளிகை. உங்களுடையது ‘கரீப்கானா’, ஏழையின் இருப்பிடம். உங்கள் வீடு மூன்று மாடியாகவும் அவருடையது ஓட்டு வீடாகவும் இருந்தாலும் இது மாறாது. அர்ஜி, ஆஜர் எல்லாம் தமிழில் கச்சேரி வாசலோடு நின்றுவிட்டன. லக்னோவில் அவை வீட்டுக் கூடத்துக்குள்ளும் நடமாடுகின்றன.

இந்த ஏற்பாடு தமிழுக்குத் தெரியாததும் இல்லை. ஸ்ரீவைஷ்ணவர்களின் பேச்சை நினைத்துப் பாருங்கள். ஆசாரியர் எழுந்தருளுவார், அடியேன் விண்ணப்பம் செய்வேன். அவருடையது திருமாளிகை, என்னுடையது குடிசை. ‘அடியேன் எழுந்தருளினேன்’ என்று அங்கே ஒருவர் சொன்னால் என்ன ஆகுமோ, அதுதான் உங்கள் அறை வாசலிலும் ஆனது.

சரி, ‘ஆப்’ என்று சொல்லி, வினையிலும் மரியாதை வைத்த பிறகு, தனியாக ‘ஃபர்மானா’ எதற்கு? ஜோடனை என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தோன்றியது. பிறகு இலக்கணத்தைக் கவனித்தபோது வேறு ஒன்று தெரிந்தது.

தமிழில் மரியாதை வினையின் வாலில் உரக்கக் கேட்கும். சொன்னான், சொன்னார். எந்தக் காலத்தில் சொன்னாலும் அந்த ‘ஆர்’ கூடவே வரும். உருதுவில் நிகழ்காலத்தில் ‘அவன் தூங்குகிறான்’ என்பதற்கு ‘ஸோ ரஹா ஹை’, ‘அவர் தூங்குகிறார்’ என்பதற்கு ‘ஸோ ரஹே ஹைம்’. அம்மாவைச் சொல்லும்போது ‘ஸோ ரஹீ ஹைம்’. இந்தப் பெண்பால் வாக்கியத்தில் மரியாதை முழுக்க அந்தக் கடைசி மூக்கொலியில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதக்கூடச் சரியான எழுத்து இல்லை. ‘ம்’ என்று உதட்டை மூடாமல், ‘ஹை’யை மூக்கில் விட வேண்டும். நம் காதுக்கு அது எளிதில் தப்பிவிடும். தெரியாமலே அவர்களுடைய அம்மாவை ஒருமையில் சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

இறந்த காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘சொன்னார்’ என்பதற்கு ‘அப்பா நே கஹா’. ‘வேலைக்காரப் பையன் சொன்னான்’ என்பதற்கும் ‘நே கஹா’தான். சொல்வது, எழுதுவது, சாப்பிடுவது போன்ற வினைகள் இறந்த காலத்தில் ‘நே’ போட்டு வந்துவிட்டால், வினை செய்தவரைப் பின்பற்றுவதை விட்டுவிடும். அங்கே மரியாதைக்கு இடமே இல்லை. அந்த இடத்தில்தான் ‘ஃபர்மாயா’ வந்து நிற்கிறது. ‘அப்பா நே ஃபர்மாயா’ என்றதும், வினையின் வால் சொல்லத் தவறியதை வினையே சொல்லிவிடுகிறது. இலக்கணம் விட்ட ஓட்டையை அதப், அதாவது மரியாதைப் பண்பு, அடைக்கிறது. இதைப் பார்த்த பிறகு எனக்கு ஜோடனை என்று சொல்ல மனம் வரவில்லை.

பல வருடங்களுக்கு முன் நான் அந்த ஊரில் கொஞ்ச காலம் தங்கியிருந்தேன். ஒரு மத்தியானம் நண்பர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஏழெட்டு வயதுச் சிறுமி திறந்தாள். வலது கையை, உள்ளங்கை தன் முகத்தைப் பார்க்க, நெற்றி வரை தூக்கி, தலையைச் சற்றுக் குனிந்து “ஆதாப்” என்றாள். அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன். “ஜீ, அப்பா ஆராம் ஃபர்மா ரஹே ஹைம். ஆப் தஷ்ரீஃப் ரக்கியே, மை அர்ஸ் கர்தீ ஹூம்” என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தில் அவள் செய்ததைப் பாருங்கள். ஆமாம் என்பதற்கு வெறும் ‘ஹாம்’ சொல்லவில்லை, ‘ஜீ’ என்றாள். அப்பா எதிரில் இல்லை, உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் பன்மை. தூங்குகிறார் என்று சொல்லாமல் ஓய்வெடுத்தருளுகிறார் என்றாள். எனக்கு உட்காரச் சொன்னது ‘தஷ்ரீஃப்’ சேர்த்து. தான் போய் அப்பாவிடம் சொல்லப்போவதற்கு ‘அர்ஸ்’. அப்பாவும் மேலே, விருந்தாளியும் மேலே, தான் மட்டும் கீழே. யோசித்துச் சொன்னவள் இல்லை. அடுத்த நிமிடமே உள்ளே ஓடி, தம்பியோடு பொம்மைக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது.

இது எப்படி வருகிறது என்று அவள் பாட்டியிடம் கேட்டேன். நாங்களே அவளைத் தும் என்று சொன்னால் அவள் யாரிடமிருந்து ஆப் கற்றுக்கொள்வாள் என்று திருப்பிக் கேட்டார். பழைய லக்னோ வீடுகளில் பெரியவர்கள் குழந்தைகளையே ‘ஆப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘ஆப் கானா கா லீஜியே’, நீங்கள் சாப்பிடுங்கள் என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் கெஞ்சுவதை நானே கேட்டிருக்கிறேன். குழந்தை காதில் விழுந்ததைத் திருப்பித் தருகிறது. ஆதாப் சொன்னால் பெரியவரும் சும்மா தலையாட்டுவதில்லை, “ஜீத்தே ரஹியே” என்பார். வாழ்க என்ற ஆசி, அதுவும் ‘ரஹோ’ இல்லை, ‘ரஹியே’. ஆசியிலும் மரியாதை திரும்பி வருகிறது. இந்த ஆதாப்பில் மதமும் இல்லை. லக்னோவின் இந்துக்களான காயஸ்தர்களும் காஷ்மீரிப் பண்டிதர்களும் இதையே சொல்லி வளர்ந்தவர்கள்.

நவாப் காலத்து மிச்சமா என்றால், ஆமாம். 1775-இல் நவாப் ஆசஃபுத்தௌலா ஃபைசாபாத்திலிருந்து லக்னோவுக்குத் தலைநகரை மாற்றியதிலிருந்து, 1856-இல் கும்பெனி நவாப்களின் அவத் ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டது வரை, அரண்மனையில் இழைத்து இழைத்துச் செய்த பேச்சு இது. பண்பாட்டைக் குறிக்கும் தெஹ்ஸீப் என்ற சொல்லுக்கே மூலத்தில் கிளையைக் கழித்துச் சீராக்குவது என்று பொருள். அரண்மனையின் கறையும் அதில் இருக்கிறது. குழந்தைக்கு ஆப் கொடுத்த பல வீடுகளில், அறுபது வயதுச் சமையல்காரருக்குத் ‘தும்’தான் கிடைத்தது. நல்ல வீடுகளில் வயதான வேலைக்காரப் பெண்மணியைப் பிள்ளைகள் ‘புவா’ என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்டார்கள். எல்லா வீடும் அப்படி இல்லை. இந்தக் குறையை மறைத்துவிட்டு அதபைப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆப் எப்போதும் அன்பில்லை. நெருங்கிய நண்பர் திடீரென்று ‘தும்’மிலிருந்து ‘ஆப்’புக்குப் போனால், அவர் மனம் நொந்திருக்கிறார் என்று அர்த்தம். கடவுளை உருதுவில் ‘தூ’ என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் ‘நீ’ என்பதுபோல. சொற்களைக் குவிப்பதும் அதப் இல்லை. அந்தக் காலத்துக் கடிதங்கள் முழ நீள விருதுச் சொற்களோடு தொடங்கும். கவிஞர் காலிப் தன் உருதுக் கடிதங்களில் அதையெல்லாம் தள்ளிவிட்டு, ‘மியான்’, ‘பாயி’ என்று எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல எழுதினார். அவரை யாரும் அதப் தெரியாதவர் என்று சொன்னதில்லை.

நீங்கள் எல்லாவற்றையும் இப்போதே கற்க வேண்டாம். தௌலத்கானாவெல்லாம் இன்று அந்த ஊர்க்காரர்களே அபூர்வமாகத்தான் சொல்கிறார்கள். மூன்று மட்டும் போதும். ஆப் என்றால் ‘இயே’யில் முடியுங்கள். பெரியவர்களைப் பற்றி அவர்கள் இல்லாதபோது பேசினாலும் ‘ஹை’யை மூக்கில் விடுங்கள். ஃபர்மானாவை உங்களுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், நாளைக் காலை அவர் கீழே தேநீர் குடிக்கும்போது இறங்கிப் போங்கள். கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஆதாப் சொல்லுங்கள். “உஸ் தின் கி குஸ்தாகி மாஃப் கீஜியேகா” என்று சொல்லுங்கள். அன்றைய துடுக்கை மன்னியுங்கள் என்று பொருள். ‘கீஜியே’ இல்லை, ‘கீஜியேகா’. இப்போதே மன்னிக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தோன்றும்போது மன்னித்தால் போதும் என்று வேண்டுகோளைப் பின்னால் தள்ளிவைக்கும் வடிவம் அது. அந்தக் கடைசி ‘கா’வை அவர் கவனிப்பார். பேரனையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.