அரசுப் பத்திரம் வாங்கியும் நட்டமா?

"மகளின் கல்லூரிப் படிப்புக்காக, 20 ஆண்டில் 10 லட்சம் கிடைக்கும் அரசின் சீரோ கூப்பன் பத்திரத்தைச் சென்ற ஆண்டு ரூ.2,58,400-க்கு வாங்கினேன். இப்போது மதிப்பு ரூ.2,31,700 என்று காட்டுகிறது. அரசுப் பத்திரம் எப்படிக் குறையும்? விற்றுவிடலாமா? மகளுக்கு இப்போது 7 வயது." – வாசகர், திருநகர், மதுரை

அரசு தரவேண்டிய 10 லட்சத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை. மாறியது சந்தை வட்டி. நீங்கள் கொடுத்த விலை, 10 லட்சத்தை 1.07-ஆல் இருபது முறை வகுத்தால் வருவது. அதாவது 7 சதவீத வட்டி. இன்று காட்டும் விலை, அதே 10 லட்சத்தை 1.08-ஆல் பத்தொன்பது முறை வகுத்தது. (அரையாண்டுக் கணக்கை விட்டுவிட்டு எளிமையாகச் சொல்கிறேன்.) புதிதாக வாங்குகிறவருக்கு வேறிடத்தில் 8 சதவீதம் கிடைக்கும்போது, உங்கள் பத்திரத்துக்கு அவர் பழைய விலை தரமாட்டார்.

ஒரு சதவீத மாற்றம் இவ்வளவு தூரம் இழுப்பதற்குக் காரணம், அந்த வகுத்தல் ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நடப்பதுதான். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டவர் கைக்குப் பணம் பறிப்புக்குப் பறிப்பு வருகிறது. தேக்கு வைத்தவருக்கு எல்லாம் வெட்டும் நாளில்தான். ஆண்டுதோறும் 7 சதவீத வட்டி தரும் 20 ஆண்டுப் பத்திரம் மல்லிகை போன்றது. வட்டி 8 ஆனால் அதன் விலை ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கும். வருகிற வட்டியைப் புதிய விகிதத்தில் போட்டுக்கொள்ளலாம். உங்களுடையதில் இடையில் எதுவும் வராது. ஆகவே வாங்கிய மறுநாளே வட்டி அப்படி ஏறியிருந்தால் 17 சதவீதம் இறங்கியிருக்கும். ஆனால் 6 சதவீதமாகக் குறைந்திருந்தால் கிட்டத்தட்ட 21 சதவீதம் ஏறியிருக்கும். அப்போது யாரும் எனக்குக் கடிதம் எழுதமாட்டார்கள்.

விற்றால் நட்டம் ஈடாகுமா? ரூ.2,31,700-ஐ 8 சதவீதத்தில் 19 ஆண்டு போட்டாலும் அதே 10 லட்சம்தான் வரும். அந்த வகையில் விற்பதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. மகள் கல்லூரிக்குப் போக இன்னும் 11 ஆண்டுதான். பத்திரம் முதிர 19 ஆண்டு. அன்று முதிர்வுக்கு முன்பே விற்றாக வேண்டும். அப்போது சந்தை வட்டி 7 என்றால் 5.82 லட்சம், 9 என்றால் 5.02 லட்சம். வாங்க ஆள் குறைவான சந்தை என்பதால் கணக்கில் வரும் விலைகூடக் கைக்கு வராமல் போகலாம். இன்றே விற்று, 11 ஆண்டில் முதிரும் சீரோ கூப்பன் பத்திரம் 8 சதவீதத்துக்குக் கிடைத்தால் அதற்கு மாறுங்கள்: 5.40 லட்சம் உறுதி. விற்பனைச் செலவையும் வரியையும் முதலில் தரகரிடமும் ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். படிப்புக்கு வேறு பணம் இருக்கிறதென்றால், பத்திரத்தை அப்படியே வைத்திருங்கள்.