திட்டும்போது உறைவதும் பிறகு வெடிப்பதும்: ஒரே உடல், இரு முகங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இறால், கணவாய் வாங்கி அனுப்பும் நிறுவனத்தில் எடைக் கணக்குப் பார்க்கிறேன். எடை குறைந்தால் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடுவார். பதில் தெரிந்தும் எனக்கு வாய் வராது. உள்ளங்கை வியர்த்துக் கால் நடுங்கும். சொல்ல வேண்டியது எல்லாம் அரை மணி நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வரும். அப்போது ஐஸ் போடும் தம்பி சின்னதாக ஏதாவது கேட்டாலும் கத்திவிடுகிறேன். நான் கோழையா, கோபக்காரனா, அல்லது இதயத்தில் ஏதும் கோளாறா?

பதில்: இரண்டு குணங்கள் உங்களுக்குள் மாறி மாறி வருவதாக நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒரே உடலியல் நிகழ்வின் முன்பாதி மேலாளர் முன்னும் பின்பாதி அந்தத் தம்பியின் மேலும் வெளிப்படுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மேலாளரின் குரல் உயர்ந்த மறுகணமே, மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்டலா அதை ஆபத்தாகக் குறித்துக்கொள்கிறது. அவர் சொல்வது நியாயமா என்று நீங்கள் எடைபோட்டு முடிப்பதற்குள் இது நடந்துவிடுகிறது. அங்கிருந்து நரம்புகள் வழியே ஆணை கிளம்ப, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. கால் நடுக்கத்துக்குக் காரணம் தசைகளின் மேல் அது நேரடியாகச் செயல்படுவதே. உமிழ்நீர் குறைவதால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தொண்டைத் தசைகள் இறுகுவதால் குரல் அடைக்கிறது. கோழைத்தனம் என்று நீங்கள் எண்ணியவற்றில் பெரும்பகுதி இந்தச் சுரப்பிகளின் வேலைதான்.

பதில் தெரிந்தும் ஏன் வரவில்லை என்பது தனியாகச் சொல்ல வேண்டியது. பெட்டியில் ஐஸ் உருகி வடிந்த நீரைக் கழித்தால் எடை சரியாகத்தான் இருக்கிறது என்பதை விளக்க, இறக்கியபோது இருந்த எடை, வடிந்த நீரின் அளவு, இப்போதைய எடை ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்திக் கழித்துப் பார்த்துச் சொற்களாகக் கோக்க வேண்டும். அது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் வேலை. நெருக்கடியில் மூளைக்குள் நார்அட்ரினலின், டோபமின் என்ற வேதிப்பொருள்கள் அளவு மீறும்போது அந்தப் பகுதியின் செயல்பாடு தற்காலிகமாகத் தளர்ந்து, பழைமையான பகுதிகள் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. நினைவில் இருப்பது அழிந்துபோவதில்லை; எடுத்துக் கோக்கும் கைதான் தளர்ந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் பதில் தானாக வந்து நிற்பதும் இதனால்தான்.

எதிர்த்துப் பேச முடியாத, விலகியும் போக முடியாத இடத்தில் மூளை தேர்ந்தெடுக்கும் மூன்றாவது வழி உறைவது. இதை நடுமூளையின் ஒரு பகுதி நடத்துகிறது. சினந்த முகங்களின் படங்களைப் பார்த்தவர்களிடம்கூட உடலின் அசைவும் இதயத் துடிப்பும் சற்றுக் குறைவது ஆய்வகத்தில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. உறைந்து நிற்கும் உடல் ஓய்ந்துபோன உடல் அன்று. நங்கூரத்தை எடுக்காமலே இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டுகின்ற படகின் நிலை அதற்கு. மேலாளர் நகர்ந்ததும் நங்கூரம் கழன்றுவிடுகிறது. இயந்திரம் நிற்பதில்லை.

அதன் பிறகு நடப்பதை உங்கள் காலையையே வைத்துப் பார்ப்போம். படகுகள் வந்து சரக்கு இறங்கும் 6 மணிக்கு அவர் சத்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்ரினலின் சில நிமிடங்களில் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அதே சுரப்பியின் வெளியடுக்கிலிருந்து வரும் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் மெதுவாக ஏறி, ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில்தான் உச்சத்தைத் தொடும். அதற்குள் நடந்ததை மனத்தில் நூறு முறை ஓட்டிப் பார்த்தால் அமிக்டலா ஒவ்வொரு முறையும் புதிதாகத் தூண்டப்படும். 6.30 மணிக்கு அந்தத் தம்பி "அண்ணே, ஐஸ் இன்னும் வேணுமா?" என்று கேட்கிறார். முந்தைய நிகழ்வில் எழுந்து இன்னும் அடங்காத கிளர்ச்சி, அடுத்து வரும் சிறு எரிச்சலின் மேல் ஏறிக்கொள்ளும் என்பதை உளவியலாளர் டால்ஃப் ஜில்மன் சோதனைகளில் காட்டியிருக்கிறார். உங்களைவிட எளியவரிடம் அது கோபமாக வெளிவருவதற்குக் காரணம், அங்கே உறைய வேண்டிய தேவையை மூளை காணவில்லை என்பதே. இந்த விளக்கம் அந்தத் தம்பிக்கு நேர்வதை நியாயப்படுத்தாது. அவருடைய உடலிலும் இதே சங்கிலி தொடங்கிவிடுகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

"எல்லோர் முன்னிலையிலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் மருத்துவ முறையில் மிக முக்கியமான சொற்கள் அவை. சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி ஆகிய இருவரும் 208 ஆய்வக ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பிறர் பார்க்க மதிப்பிடப்படுவதும் நிலைமை தன் கையில் இல்லாததும் சேரும்போதே கார்டிசோல் மிக அதிகமாக ஏறுகிறது என்று கண்டார்கள். ஆகவே சண்டையை அப்போதே வெல்ல முயலாமல், அதன் இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதே உங்களுக்கு நான் சொல்லும் முதல் சிகிச்சை. புதிதாக வாக்கியம் அமைப்பது அந்த நொடியில் கடினம், பழகிய வாக்கியம் வரும். "நோட்டைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் வந்து சொல்கிறேன், சார்" என்ற ஒன்றை மட்டும் வீட்டில் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இறக்கியபோதைய எடையையும் நீர் வடிந்த பின் எடையையும் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தால், தளர்ந்த முன்மூளையின் சுமை குறையும். பிறகு அவரைத் தனியாகச் சந்தித்து அந்தத் தாளைக் காட்டலாம்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள்; வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை மெதுவாக்கும். ஆழமாகவும் வேகமாகவும் இழுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை லேசாகி விரல் நுனிகள் மரத்துப்போகும், அதையே மாரடைப்பு என்று பயந்து வருவோர் உண்டு. அவர் போன பிறகு அரை மணி நேரம் யாருக்கும் கட்டளை இடாமல், முடிந்தால் நிதானமாகச் சற்று நடந்துவிட்டு வாருங்கள். கத்தித் தீர்த்தால் கோபம் இறங்கும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. விடியுமுன் எழுந்து வெறும் வயிற்றில் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கரைக்கு வருபவரானால், தூக்கக் குறைவும் பசியும் இந்த எதிர்வினையைக் கூர்மையாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதயத்தைப் பற்றி: வாக்குவாதத்தின்போது மட்டும் வந்து பின் அடங்கும் நடுக்கம் பெரும்பாலும் நோயன்று. ஆனாலும் கடிதத்தை வைத்து அதை உறுதிசெய்ய என்னால் முடியாது. ஒருமுறை இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு மிகுதியும் சர்க்கரைத் தாழ்வும் இதே நடுக்கத்தையும் படபடப்பையும் தரும். சண்டை ஏதும் இல்லாமலே படபடப்பு வந்தாலோ, சுமை தூக்கும்போது மார்பு இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடுக்கத்தை நிறுத்த நண்பர்கள் சிபாரிசு செய்யும் புரோப்ரனலால் மாத்திரையை நீங்களாக வாங்க வேண்டாம், ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்தானது.

வேலைக்குப் போகும் முந்தைய இரவே தூக்கம் கெடுகிறது, அல்லது கோபம் கையோங்கும் நிலைக்குப் போகிறது என்றால், மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே போக முடியாவிட்டால், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். மேலாளரின் அவமதிப்பு மாறாமல் தொடர்ந்தால், அதை உங்கள் உடலின் குறையாகக் கருதி மருந்து தேடாதீர்கள். எழுதி வைத்த எடைத் தாள்களோடு அவருக்கு மேலே இருப்பவரிடம் போக வேண்டிய பிரச்சினை அது.